ஏஜென்ட் திருத்திய சிவியால் வேலையும் போனது, சர்டிபிகேட்டும் போனது

தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை வரைக்கும் எங்கள் கடற்கரை ஊர்களில் வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் சிவியில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. நாம் ஒன்று கொடுப்போம், ஏஜென்ட் ஆபீஸில் "கம்பெனி பார்மேட்" என்று சொல்லி வேறொன்று தட்டச்சு செய்து அனுப்புவார்கள். வேலை கிடைத்தால் போதும் என்று நாமும் கேட்பதில்லை. நான் வெல்டிங் இன்ஸ்பெக்டராக சவூதியில் ஜுபைல் பக்கம் வேலை பார்த்து, என்னிடம் இல்லாத ஒரு சர்டிபிகேட் என் சிவியில் ஏறியிருந்ததால் நீக்கப்பட்டு ஊர் திரும்பியவன். அதன் பிறகு, உண்மையிலேயே என்னிடம் இருந்த சர்டிபிகேட்டும் ரத்தாகிவிட்டது. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள அப்போது எனக்கு ஆள் இல்லை. இதே வேலைக்கு இங்கிருந்து போகும் தம்பிகள் நிறையப் பேர் இருப்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சர்டிபிகேட் விஷயம் புரிய வேண்டும். அமெரிக்கன் வெல்டிங் சொசைட்டி நடத்தும் வெல்டிங் இன்ஸ்பெக்டர் தேர்வில் மூன்று பகுதிகள் உண்டு. வெல்டிங் பற்றிய பொது அறிவு ஒன்று, மாதிரித் துண்டுகளைக் கேஜ் வைத்து அளந்து குறை கண்டுபிடிக்கும் செய்முறை ஒன்று, வெல்டிங் விதிகள் அடங்கிய கோடு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து விடை எழுதுவது ஒன்று. மூன்றிலும் தனித்தனியாக 72 சதவீதம் எடுத்தால் சர்டிபைடு வெல்டிங் இன்ஸ்பெக்டர் என்ற சி.டபிள்யூ.ஐ. கிடைக்கும். ஏதாவது ஒன்றில் அதற்குக் கீழே போய், எல்லாவற்றிலும் 60-க்கு மேல் இருந்தால், கீழ்நிலையான சி.ஏ.டபிள்யூ.ஐ. கிடைக்கலாம். நடுவில் இருக்கும் 'ஏ' அசோசியேட் என்பதைக் குறிக்கிறது, அதாவது உதவி நிலை. எனக்குச் செய்முறைப் பகுதியில் கொஞ்சம் குறைந்துபோய் இரண்டாவதுதான் வந்தது. அப்போது அதுவே பெரிய சந்தோஷம். பயிற்சி வகுப்பு, தேர்வுக் கட்டணம், தங்கும் செலவு என்று ஒரு லட்சத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருந்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெயரோடு நின்றுவிடுவதில்லை. சி.டபிள்யூ.ஐ. உள்ளவர் ஒரு ஜாயின்ட்டைப் பார்த்துவிட்டு இது தேறும், இது தேறாது என்று தன் பொறுப்பில் கையெழுத்துப் போடலாம். அசோசியேட் அப்படிச் செய்ய முடியாது. அவர் அளக்கலாம், பார்க்கலாம், குறிக்கலாம். ஆனால் முடிவு சொல்லும் பொறுப்பு மேலே இருக்கும் சி.டபிள்யூ.ஐ.க்குத்தான். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு வெல்டிங் ஜாயின்ட்டை உப்புக்காற்றுக்கு நடுவில் நிறுத்துவது எவ்வளவு பொறுப்பான வேலை என்று விளக்கத் தேவையில்லை. ஜுபைலும் கடற்கரைதான். அங்கே குழாய்க்குள் ஓடுவது எரிவாயு.

ராமநாதபுரத்தில் ஓர் ஏஜென்ட் இருந்தார். தெரிந்தவர் மூலம் போனேன். என் சிவியில் தெளிவாக "அசோசியேட்" என்று எழுதி, சர்டிபிகேட் எண்ணையும் காலாவதித் தேதியையும் போட்டு, ஸ்கேன் செய்த நகலோடு மெயிலில் அனுப்பினேன். அந்த மெயில்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன். "தம்பி, கம்பெனிக்கு நாங்க ஒரு பார்மேட்ல அனுப்பணும், நாங்களே பண்ணிக்கிறோம், நீங்க பாஸ்போர்ட்டை மட்டும் குடுங்க" என்றார். அனுப்பிய சிவியை எனக்கும் அனுப்புங்கள் அண்ணே என்று கேட்டேன். "அது ஆபீஸ் விஷயம் தம்பி" என்றார். வீடியோ காலில் இன்டர்வியூ நடந்தது. அண்டர்கட் என்றால் என்ன, ஹை-லோ எவ்வளவு அனுமதி, எலக்ட்ரோடை ஏன் அடுப்பில் சூடாக வைக்கிறோம் என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என்ன சர்டிபிகேட் வைத்திருக்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, அது அவர்கள் கையில் இருந்த காகிதத்திலேயே இருந்ததால்.

இங்கே நின்று ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட் கம்பெனிக்கு அனுப்பும் பைலை, அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டும். வாட்ஸப்பில் போட்டோவாக வந்தால் போதாது, பிடிஎப்-ஆக மெயிலில் வர வேண்டும். சிவி மட்டுமில்லாமல் கூடவே போகும் சர்டிபிகேட் நகல்களையும் கேளுங்கள். தர மாட்டேன் என்றால், இன்டர்வியூ முடிந்ததும் கம்பெனியின் எச்ஆர் மெயிலுக்கு உங்கள் சொந்த சிவியையும் நகலையும் "என் கோப்பில் இதையும் சேர்த்துக்கொள்ளவும்" என்ற ஒரு வரியோடு நீங்களே அனுப்பிவிடுங்கள். இதனால் ஒரு வேலை கைவிட்டுப் போகலாம். போனால் போகட்டும். போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதை ஒப்பிட்டால் அது சின்ன இழப்பு.

போய்ச் சேர்ந்த சில வாரங்களில் சைட் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த தரக்கட்டுப்பாட்டு அட்டவணையில் என் பெயருக்குப் பக்கத்தில் சி.டபிள்யூ.ஐ. என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். வயிற்றைப் பிசைந்தது. மேலே இருந்த க்யூசி மேனேஜரிடம் போய், "சார், என்னிடம் இருப்பது அசோசியேட் தான், இது தப்பாக இருக்கிறது" என்றேன். "டைப்பிங்கில் விட்டுப்போயிருக்கும், அடுத்த ரிவிஷனில் மாற்றிக்கொள்ளலாம், ஜாயின்ட் காத்துக்கிடக்கிறது, போய்ப் பார்" என்றார். அடுத்த ரிவிஷனும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, அது மாறவே இல்லை. இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அவரும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நான் சொன்னதற்குச் சாட்சியாக ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை. அன்று சாயங்காலமே "இன்று காலை உங்களிடம் சொன்னபடி என் சர்டிபிகேட் அசோசியேட் நிலை, அட்டவணையைத் திருத்தவும்" என்று இரண்டு வரி மெயில் போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். வாயால் சொன்னதை விசாரணை மேசையில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பிடிபட்டது அடுத்த புராஜெக்ட்டுக்கு என்னை மாற்றியபோது. புது கிளையன்ட் தன் இடத்தில் வேலை செய்யும் இன்ஸ்பெக்டர்கள் எல்லோருடைய சர்டிபிகேட்டையும் மூன்றாம் தரப்பு ஆடிட்டர் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்த்தார். அமெரிக்கன் வெல்டிங் சொசைட்டியின் தளத்தில் சர்டிபிகேட் எண்ணைப் போட்டால் யாருடையது, என்ன நிலை, எப்போது காலாவதி என்று காட்டிவிடும். ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டு இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று தளத்திலிருந்து எடுத்தது, அதில் அசோசியேட் என்று இருந்தது. இன்னொன்று கம்பெனிக் கோப்பில் இருந்த என் சர்டிபிகேட் நகல். அதில் என் பெயர், என் எண், என் தேதி எல்லாம் சரியாக இருந்தன. "அசோசியேட்" என்ற சொல்லை மட்டும் வெள்ளை பூசி அழித்திருந்தார்கள். அழித்தவர் மீதிச் சொற்களை நெருக்கி நடுவில் கொண்டுவரக்கூட மெனக்கெடவில்லை. "சர்டிபைடு" என்பதற்கும் "வெல்டிங்" என்பதற்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் இடம். அந்த இடத்தில் பின்னணியில் ஓடும் மெல்லிய கோட்டு வேலைப்பாடும் அறுந்திருந்தது. அந்தக் காகிதத்தை என் வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன்.

அந்த நிமிடத்தில் எனக்குப் பயம்தான் வந்தது, கோபம் வரவில்லை. சிவியில் பொய்யாக ஒரு வரி இருப்பது ஒன்று, ஆவணத்தைத் திருத்துவது வேறு. இரண்டாவது எந்த நாட்டிலும் போலீஸ் வரைக்கும் போகக்கூடிய விஷயம். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 80-வது பிரிவில், வேலை வாங்குவதற்காக மோசடி ஆவணம் கொடுத்தது நிரூபணமானால் நோட்டீஸ், பணிக்கொடை, இழப்பீடு எதுவும் இல்லாமல் நீக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் அதே பிரிவில், தொழிலாளி தன் ஆட்சேபத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. எச்ஆர் அறையில் அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். ஆங்கிலப் பகுதியில் "திருத்தப்பட்ட சர்டிபிகேட்டை நான் சமர்ப்பித்தேன்" என்று இருந்தது. கை நடுங்கினாலும் அதில் போடவில்லை. தனித்தாளில் என் பதிலை எழுதித் தருகிறேன், அதைக் கோப்பில் சேருங்கள் என்று கேட்டேன். என் மெயிலில் தேடி, ஏஜென்ட்டுக்கு நான் அனுப்பிய அசல் சிவியையும் நகலையும் தேதியோடு எடுத்து இணைத்தேன். திருத்திய நகல் கம்பெனிக்கு வந்தது ஏஜென்ட்டின் மெயிலிலிருந்து என்பதையும் அவர்களையே பார்க்கச் சொன்னேன்.

அதனால் போலீசுக்குப் போகவில்லை, பைனல் எக்ஸிட் அடித்து அனுப்பினார்கள். வேலை மட்டும் திரும்பவில்லை. "நீ திருத்தவில்லை என்று நம்புகிறோம், ஆனால் அந்தச் சர்டிபிகேட்டின் பேரில்தான் இரண்டு வருடம் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கு இப்படி ஒரு நிலை வந்தால், படிக்கத் தெரியாத மொழியில் இருப்பதில் கையெழுத்துப் போடாதீர்கள். "மன்னிக்கவும், தவறு நடந்துவிட்டது" என்று பொதுவாக எழுதிக்கொடுப்பதும் ஆபத்து, யார் தவறு என்பதை அவர்கள் தங்கள் வசதிப்படி நிரப்பிக்கொள்வார்கள். நீங்கள் செய்தது எது, செய்யாதது எது, எப்போது தெரிந்தது என்று தேதியோடு எழுதுங்கள். கம்பெனி லேப்டாப்பும் மெயிலும் அன்றைக்கே முடக்கப்படும். ஆகவே ஆதாரங்கள் எப்போதும் உங்கள் சொந்த மெயிலில் இருக்கட்டும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் சம்பளம் 5,500 ரியால். முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை என்பது அங்குள்ள கணக்கு. இரண்டு வருடத்துக்கு 5,500 ரியால். ஒப்பந்தப்படி வர வேண்டிய இரண்டு மாத நோட்டீஸ் சம்பளம் 11,000 ரியால். இரண்டும் சேர்த்துக் கைக்கு வராமல் போனது 16,500, நம் பணத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல். டிக்கெட்டும் என் கையிலிருந்துதான். ஏஜென்ட்டுக்கு ஆரம்பத்தில் ரசீதில்லாமல் கொடுத்தது ஒரு லட்சத்து இருபதாயிரம். அதற்குப் பிறகு எட்டு மாதம் வருமானம் இல்லை.

பணத்தைவிட என்னை அதிகம் வதைத்தது வேறொன்று. நான் தேறும் என்று கையெழுத்துப் போட்ட ஜாயின்ட்கள் எல்லாவற்றுக்கும், தரவிதிப்படி இல்லை என்று சொல்லும் என்சிஆர் அறிக்கையைக் கிளையன்ட் போட்டார். எக்ஸ்ரே எடுத்த ஜாயின்ட்களில் பிலிமைப் படித்தவர் வேறு ஆள் என்பதால் அவை தப்பின. கண்ணால் பார்த்துத் தேற்றியவற்றை பெயின்ட்டைச் சுரண்டி, இன்சுலேஷனைப் பிரித்து மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. பிட்டப், அதாவது வெல்டிங்குக்கு முன்னால் இரண்டு குழாய் முனைகளும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதை, வெல்டிங் முடிந்தபிறகு யாராலும் மறுபடி பார்க்க முடியாது. அந்த இடங்களில் கூடுதலாகச் சோதனை போட்டுத்தான் ஏற்றுக்கொண்டார்கள். பகல் வெயிலில் சாரத்தில் ஏறி அந்த வேலையைச் செய்தவர்களில் நம் பக்கத்துப் பையன்களும் உண்டு. ஜாயின்ட்கள் நன்றாகவே இருந்தன என்று பிறகு ஒரு நண்பன் சொன்னான். அதைக் கேட்டு ஆறுதல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஊருக்கு வந்து, சரி, சர்டிபிகேட் கையில் இருக்கிறது, வேறு இடம் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் நிலைக்கவில்லை. ஆடிட்டர் திருத்திய நகலை அமெரிக்கன் வெல்டிங் சொசைட்டிக்கும் அனுப்பியிருந்தார். விண்ணப்பிக்கும்போதே நெறிமுறை விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் தேர்வெழுதுகிறோம். தன் நிலையை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவது அந்த விதிகளை மீறுவது. புகார் வந்தால் விசாரித்து, கண்டிப்பு, தற்காலிக நிறுத்தம், ரத்து என்று எதுவும் செய்யலாம். அவர்கள் எனக்கு விளக்கம் கேட்டு முறைப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான் பதிவில் கொடுத்திருந்தது கம்பெனி மெயில் முகவரி, வீட்டு முகவரி இருந்த இடத்தில் ஜுபைல் கேம்ப். கடிதம் வந்தபோது இரண்டுமே என்னுடையதாக இல்லை. பதில் சொல்ல வேண்டிய கெடு முடிந்து, முடிவும் எடுத்தாகிவிட்டது. ஒரு வேலைக்காக என் எண்ணைத் தளத்தில் நானே போட்டுப் பார்த்தபோதுதான் என் பெயர் நடப்பில் இல்லை என்று தெரிந்தது. எழுதிக் கேட்டபோது ரத்து செய்த கடிதத்தின் நகலை அனுப்பினார்கள். கார்டையும் சர்டிபிகேட்டையும் இனி எங்கும் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருந்தது.

அதனால் சர்டிபிகேட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றைக்கே உங்கள் பதிவில் எந்த மெயில், எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். சொந்த மெயிலும் ஊர் முகவரியும் இருக்கட்டும். வேலையில் இப்படி ஒரு பிரச்சினை கிளம்பியதும், வழங்கிய அமைப்பு உங்களைத் தேடி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். திருத்திய நகல் உங்களுக்குத் தெரியாமல் சுற்றுகிறது என்பதை நீங்களே முதலில் எழுதி, அசலையும் ஏஜென்ட்டுக்கு அனுப்பிய மெயிலையும் இணைத்துக் கொடுங்கள். அழுது புலம்பும் கடிதம் வேண்டாம், குடும்பக் கஷ்டம் வேண்டாம், நடந்தது வரிசையாகத் தேதியோடு இருந்தால் போதும். மேல்முறையீட்டுக்கு ஒரு கெடு இருக்கும், அது முடிவுக் கடிதத்திலேயே இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். நான் கெடு கடந்துதான் எழுதினேன். என் விளக்கத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள், முடிவை மாற்றவில்லை. விதிப்படி பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ரத்தான சர்டிபிகேட்டை, காலாவதியானது போலக் காட்டிச் சமாளிக்கலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அசோசியேட் சர்டிபிகேட் மூன்று வருடத்துக்குத்தான், புதுப்பிக்கவும் முடியாது, எப்படியும் முடியப்போகிறதுதானே என்றார். கேட்கவே பயமாக இருந்தது. அப்படி எழுதினால் அது முதல் பொய்யைப் போல ஏஜென்ட் கணக்கில் போகாது, முழுக்க என் கணக்கில் வரும்.

ஏஜென்ட்டைத் தேடிப் போனபோதுதான் அவர் பதிவு பெற்றவரே இல்லை, வேறு ஊரிலுள்ள ஒரு பதிவு பெற்ற நிறுவனத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் என்று தெரிந்தது. இப்படிச் சப்-ஏஜென்ட் வைப்பதற்கே சட்டத்தில் இடமில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏஜென்ட் நம்மிடம் வாங்கக்கூடிய உச்சபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். நான் கொடுத்தது அதற்கு மூன்று மடங்குக்கும் மேல். பத்தாவது தேறியவர்களுக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவையில்லை என்பதால் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் அந்தத் தளத்தின் பக்கமே போவதில்லை. சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். ரசீது இல்லாததால் பணம் கொடுத்ததற்கு வங்கிப் பரிமாற்றம் எவ்வளவு இருக்கிறதோ அதை மட்டும்தான் காட்ட முடிந்தது. எண்பதாயிரத்துக்கு ஆதாரம் இருக்கிறது, நாற்பதாயிரம் கையில் கொடுத்தது. கையில் கொடுக்காதீர்கள்.

இப்போது மண்டபம் பக்கம் ஐஸ் பிளான்ட்களில் அம்மோனியா குழாய் மாற்றும் ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டிங் போர்மேனாக இருக்கிறேன். சம்பளம் அங்கே வாங்கியதில் கால்வாசி. சி.டபிள்யூ.ஐ. தேர்வை முழுதாக எழுத மறுபடி தயாராகிக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பத்தோடு ரத்துக் கடிதத்தையும் என் விளக்கத்தையும் சேர்த்தே அனுப்புவேன். இன்டர்வியூவில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நானே இப்படிச் சொல்லிவிடுகிறேன்: "என்னிடம் அசோசியேட் சர்டிபிகேட் இருந்தது. ஏஜென்ட் அதைத் திருத்தி அனுப்பியதால் வேலையிலிருந்து நீக்கப்பட்டேன், சர்டிபிகேட் ரத்தானது, கடிதங்கள் இதோ." ஓர் இடத்தில் அதோடு எழுந்துகொண்டார்கள். இப்போதைய கான்ட்ராக்டர் கடிதங்களை முழுவதும் படித்துவிட்டு, "நாளைக்கே வந்துருங்க, பெல்ட்டும் ஷூவும் எடுத்துக்கிட்டு" என்றார்.